கண்டிக்காரர் வீடும் கடையநல்லூர் தெருவும்

சாத்தான்குளம் பக்கத்தில் என் ஆச்சி ஊரில் ஒரு வீட்டுக்குக் 'கண்டிக்காரர் வீடு' என்று பெயர். அந்த வீட்டில் இப்போது இருக்கிற யாரும் கண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. போனவர் அவர்களுடைய பூட்டனார். ஆனாலும் ரேஷன் கடையில் வரிசையில் நின்றால்கூட "கண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை வந்திருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

அங்கிருந்து மேற்கே நூற்றிருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் மலையடிவாரத்தில் கடையநல்லூர் வரும். அங்கே கண்டி என்று யாரும் பேசமாட்டார்கள். சிங்கப்பூர்தான். வீட்டுக்கு ஓர் ஆளாவது சிங்கப்பூரில் இருப்பார், இல்லையென்றால் அவர் தாத்தா இருந்திருப்பார். சிங்கப்பூரில் கடையநல்லூர் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பேர் போன மேக்ஸ்வெல் உணவங்காடியின் முகவரியே 'எண் 1, கடையநல்லூர் தெரு'தான்.

இரண்டு ஊருமே பழைய திருநெல்வேலி ஜில்லா. இரண்டும் மழை பொய்த்தால் காய்கிற ஊர்கள்தான். பிறகு ஏன் ஓர் ஊர் கண்டிக்கும் இன்னோர் ஊர் சிங்கப்பூருக்கும் போனது? மனிதப் புவியியல் என்கிற படிப்பு கேட்கிற முக்கியமான கேள்விகளில் இது ஒன்று. மனிதர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதோடு அது நிற்காது. ஏன் *அந்த* இடத்தில் போய் இறங்கினார்கள் என்றும் கேட்கும்.

பள்ளிக்கூடப் பாடத்தில் உந்து காரணி, இழு காரணி என்று இரண்டு சொல்லித் தருவார்கள். பஞ்சம், கடன், சாதிக் கொடுமை, வேலையின்மை எல்லாம் ஊரைவிட்டுத் தள்ளுபவை. கூலி, நிலம், பாதுகாப்பு எல்லாம் இழுப்பவை. தப்பில்லை. ஆனால் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் கடையநல்லூர்க்காரரும் கண்டிக்குத்தான் போயிருக்க வேண்டும், அதுதான் பக்கம். தள்ளுவதும் இழுப்பதும் ஏன் கிளம்பினார்கள் என்பதைச் சொல்லும், வழியைச் சொல்லாது. வழியைத் தெரிந்துகொள்ள வேறொன்றைக் கேட்க வேண்டும். யார் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்?

என்னைக் கேட்டால் தமிழர்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற வரைபடத்தை விளக்க இந்த ஒரு கேள்வி பாதி தூரம் கொண்டுபோய் விடும். மூன்று விதமான கைகளை இங்கே பார்க்கலாம்: கங்காணியின் கை, ஒப்பந்தக் காகிதத்தின் கை, சொந்தக்காரரின் கை.

முதலில் நம் ஊர்த் தரையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தாமிரபரணி ஓடுகிற பக்கம் வயல், வாழை, இரண்டு போகம். ஆற்றை விட்டுத் தெற்கே, கடலைப் பார்த்து இறங்க இறங்க செம்மண் தேரியும் பனையும்தான். பதநீர்க் காலம் மாசி பங்குனியில் தொடங்கி ஆடி ஆவணியோடு ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு பனையேறிக்கு வருமானம் இல்லை. மழை ஐப்பசி கார்த்திகையில் வந்தால் உண்டு. இந்தத் தேரிக்காட்டுக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடித் துறைமுகம். அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலில் ஓர் இரவுப் பயணம். சென்னைப் பட்டணம் போவதைவிடக் கொழும்பு பக்கம்! தூத்துக்குடிக்கு ரயில் வந்ததே 1876-இல்தான். அதுவரை நம் ஆட்களுக்கு மெட்ராஸ்தான் வெளிநாடு மாதிரி.

கடல் கடந்த அந்தப் பக்கத்தில், கண்டி மலையில், 1830-கள் முதல் ஆங்கிலேயர்கள் காடழித்துக் காப்பி போட்டார்கள். பழம் பறிக்கும் பருவம் பெரும்பாலும் நம் பதநீர் ஓய்ந்த பிறகு வரும். இங்கே கை சும்மா இருக்கும்போது அங்கே கை தேவைப்பட்டது. கண்டிச் சிங்களவர்கள் தங்கள் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே ஆள் இக்கரையிலிருந்து போக வேண்டியிருந்தது.

போவது எப்படி? இங்கேதான் கங்காணி வருகிறார்.

தோட்டத்துத் துரை ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு முன்பணம் கொடுப்பார். "ஊருக்குப் போய் ஆள் கூட்டி வா." அவர் வேறெங்கே போவார்? தன் சொந்த ஊருக்குத்தான். சொந்த பந்தம், மச்சான் மாமன், பக்கத்துத் தெரு, அவர் சாதிக்காரர், அவர் சொன்னால் கேட்பவர் என்று பார்த்துப் பேசுவார். யாருக்கு வட்டிக்கடன் கழுத்தை நெரிக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கடனை அடைப்பார், கையில் கொஞ்சம் காசு கொடுப்பார், வழிச்சாப்பாடு போடுவார். இத்தனையும் ஆளின் பெயரில் கடனாக ஏறும். ஆச்சி சொல்வாள், "ஏல, கங்காணிகிட்டத் துட்டு வாங்கியாச்சுன்னா அப்புறம் அவன் ஆளு. மழ வந்துட்டு, வரலன்னு சொல்ல முடியுமா?"

ஆரம்ப காலத்தில் பலர் நடந்தே போனார்கள். இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டுவழியாக நாள் கணக்கில் நடந்து மாத்தளை. வழியில் தண்ணீர் கிடையாது, காலரா உண்டு, செத்தவர்கள் ஏராளம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இருக்கும் இடம் அப்படி நடந்து வந்தவர்கள் இளைப்பாறிய இடம் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்தார் தூத்துக்குடி–கொழும்புக் கப்பலையும் பிடித்தார்கள். பின்னால் 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி பெரிய வழியாயிற்று.

தோட்டத்தில் சேர்ந்ததும் அந்தக் கூட்டம் கலையாது. காலையில் தப்படித்துப் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணும்போது 'இன்னார் கங்காணி ஆட்கள்' என்றுதான் கணக்கு. எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அதற்குத் தக்கபடி கங்காணிக்குத் தலைக்காசு. கீழே சில்லறைக் கங்காணி, மேலே பெரிய கங்காணி. குடியிருக்க லயம், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைத்த பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள். ஒரு கங்காணியின் ஆட்கள் ஒரு லயத்தில், சாதிக்கொரு வரிசையில் இருந்தார்கள். ஊரைப் பெயர்த்து மலையில் வைத்த மாதிரிதான். நல்லதும் போயிற்று, கெட்டதும் போயிற்று.

இதில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டால் தோளில் போடுகிற துண்டு நினைவு வரும், அது இல்லை. ஒரு துண்டுக் காகிதம். 'இந்தக் கங்காணியும் அவர் ஆட்களும் எனக்கு இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விடுகிறேன்' என்று துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தப் பணத்தைக் கட்டிவிட்டால் கூட்டம் அப்படியே அங்கே போகும். கடனும் கூடவே போகும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் இதை ஒழித்தார்கள். புவியியல் கண்ணோடு பார்த்தால் துண்டு செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். தனி ஆள் இடம் மாறவில்லை, கூட்டமே இடம் மாறியது. அதனால் மலைக்குள் எத்தனை தடவை பெயர்ந்தாலும் ஓர் ஊரார் ஓர் ஊராராகவே இருந்தார்கள்.

சரி, காப்பிக்குப் போனவர்கள் பருவம் முடிந்ததும் திரும்பி விடுவார்களே, பிறகு எப்படி அங்கேயே குடியானார்கள்? இதற்குப் பதில் ஒரு பூஞ்சை. 1869-இல் இலங்கைக் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு நோய் கண்டது. அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் காப்பியே அழிந்து போயிற்று. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான், 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது.

தேயிலை வேறு விதமான பயிர். கொழுந்தை ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும், வருஷம் முழுக்க. பருவத்துக்கு வந்து போகிற ஆண்கள் இதற்கு உதவமாட்டார்கள். மலையிலேயே தங்குகிற குடும்பம் வேண்டும். கொழுந்து கிள்ளுவது பெண்கள் வேலையாயிற்று. பெண் போனால் பிள்ளை போகும், பிள்ளை போனால் மாரியம்மனும் போவாள். காப்பி ஆளைக் கூப்பிட்டது, தேயிலை குடியைக் கூப்பிட்டது என்று சொல்லலாம். 1911 கணக்கெடுப்பில் இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என்று தனியாக ஒரு கட்டம் போட்டு எண்ணினார்கள். சுமார் 5 லட்சத்து 30 ஆயிரம் பேர். எல்லாரும் நெல்லைக்காரர் இல்லை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கத்தாரும் ஏராளம்.

இலங்கை வரைபடத்தை எடுத்து, தமிழ் பேசுகிறவர்கள் அதிகமுள்ள இடத்துக்கு நிறம் அடித்துப் பாருங்கள். வடக்கும் கிழக்கும் கரையோரமாக ஒரு பட்டை. அது பல நூற்றாண்டுப் பழமை உள்ளது. அப்புறம் அதோடு ஒட்டாமல் நடுவில், நுவரெலியா, அட்டன், பதுளை என்று மலையில் தனித் திட்டு. இந்த இரண்டாவது திட்டுக்கு எல்லை போட்டது மொழியும் அரசரும் இல்லை. ஆங்கிலேயர் மலையில் எதுவரை பெரிய தேயிலைத் தோட்டம் போட்டார்களோ அதுதான் அதன் எல்லை. மலையை விட்டு இறங்கினால் பெருந்தோட்டம் குறையும், தமிழும் குறையும்.

இரண்டாவது கை, ஒப்பந்தக் காகிதம். 1834-இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் போதவில்லை. மொரீஷியசுக்கு அப்போதே ஆட்கள் போகத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மெட்ராசிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் 342 பேரோடு டர்பனில் போய் நின்றது. பிஜிக்கு மெட்ராஸ் ஆட்கள் போனது 1903-க்குப் பிறகு.

இங்கே கங்காணி இல்லை, ஏஜென்சி. ஊர் ஊராகத் திரிகிற ஆள்பிடிக்கிறவன் ஒவ்வொருவராகச் சேர்த்து மெட்ராஸ் டிப்போவுக்கு அனுப்புவான். அங்கே மருத்துவப் பரிசோதனை, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு, கப்பல். இறங்கிய இடத்தில் எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் தேவையோ அப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே ஊர்க்காரர் ஒரே தோட்டத்தில் சேர்ந்தால் அது அதிர்ஷ்டம். பக்கத்து அறையில் தெலுங்கர், அடுத்த அறையில் போஜ்பூரி பேசுகிறவர். டிப்போ மெட்ராசில் இருந்ததால் அதைச் சுற்றியுள்ள வடாற்காடு, சித்தூர்ப் பக்கத்து ஆட்களே அதிகம் போனார்கள். திருநெல்வேலியிலிருந்து போனவர்கள் உண்டு, ஆனால் நமக்குத்தான் தூத்துக்குடி இருந்ததே.

இந்த வித்தியாசம் மொழியில் தெரிகிறது. ஊரோடு போன மலையகத்தார் ஐந்து ஆறு தலைமுறை கழிந்தும் தமிழில் பேசித் தமிழில் சண்டை போடுகிறார்கள். தோட்டத்துத் துரையே தமிழ் படிக்க வேண்டியிருந்தது. கலைத்துப் போட்ட நேட்டாலில் இன்று பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். பிள்ளை, நாயுடு, முதலி என்ற சாதிப் பெயர்கள் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டன. காவடியும் தீமிதியும் நிலைத்தன. பேச்சு நிலைக்கவில்லை. மொழி நிலைப்பதற்குப் பற்று மட்டும் போதாது, பக்கத்து வீட்டில் அதைப் பேச ஆள் வேண்டும். "அவங்க தமிழை விட்டுட்டாங்க" என்று நம் ஊரில் சிலர் பழி சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அவர்களுக்குப் பக்கத்து வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இருக்கவில்லை. பின்னால் நிறவெறி அரசு 1950-இல் குழுப் பகுதிச் சட்டம் போட்டு, டர்பனில் இந்தியர்கள் இருக்க வேண்டிய பேட்டை எது என்றும் அதுவே தீர்மானித்தது. இன்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பேட்டையில் இவ்வளவு தமிழர்கள் இருப்பதற்குக் காரணம் அந்தச் சட்டம்தான்.

ஆனால் காகிதக் கைக்கு ஒரு குணம் உண்டு. அது எல்லாவற்றையும் எழுதி வைத்தது. நேட்டால் கப்பல் பட்டியலில் ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் வரை இருக்கும். இன்று அங்கிருந்து வருகிறவர்கள் தமிழ் தெரியாமலே, ஒரு கிராமத்துப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டன் ஊரைத் தேடி வருவது அதனால்தான். கங்காணி கூட்டிப்போனவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு பதிவு கிடைப்பது அரிது. கழுத்தில் தோட்ட எண் போட்ட தகர வில்லை ஒன்றைக் கட்டி அனுப்பிய காலமும் உண்டு. அதைக் காட்டினால் ரயிலும் கப்பலும் தோட்டத்துக் கணக்கில் போகும். அந்த வில்லையில் தோட்டத்தின் அடையாளம் இருந்தது, தகப்பன் பெயர் இல்லை.

காகிதம் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்பது 1948-இல் தெரிந்தது. சுதந்திர இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தது. வம்சாவளிக் குடியுரிமை வேண்டுமென்றால் தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தகப்பன்வழித் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் வாங்கினார்கள்? ஒரு சமூகமே நாடில்லாமல் நின்றது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம் என்று. 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் எங்கே போனார்கள்? பூட்டன் ஊருக்கு என்று நினைப்போம். சிலர் வந்தார்கள். வந்து பார்த்தால் நிலம் பங்காளி கையில். பனையேறத் தெரியாது, தேரி வெயில் பழக்கமில்லை. பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி என்று அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களிலும் போய்ச் சேர்ந்தார்கள். கண்டிக்காரர் வீட்டுக்கும் அப்போது ஒரு குடும்பம் வந்ததாம். ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை. "அந்தப் பிள்ளையளுக்குக் குளிரு பழகிப் போச்சு, அதான் ஊட்டிக்கு ஏறிட்டுதுவ" என்பாள் ஆச்சி. குளிர் மட்டுமா? கூடலூரில் அவர்களுக்குத் தெரிந்த முகங்களும் தெரிந்த வேலையும் இருந்தன. சொந்த ஊர் என்பது இரத்தத்தில் இல்லாமல் கைப்பழக்கத்தில் இருந்தது.

மூன்றாவது கை சொந்தக்காரரின் கை. கடையநல்லூருக்கு வருவோம்.

கடையநல்லூர் நெசவு ஊர். மில் துணி வந்து தறி படுத்த கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, எல்லா நெசவு ஊருக்கும் அதுதான் கதை. இங்குள்ள முஸ்லிம் நெசவாளர் குடும்பங்களில் சிலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் போனார்கள். யாரும் முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போகவில்லை, டிப்போவும் இல்லை. முன்னால் போனவர் கடிதம் போடுவார், டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புவார், வந்தவுடன் தன் அறையிலேயே பாய் போட்டுப் படுக்க இடம் கொடுப்பார். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர். 'ரஜூலா' என்ற கப்பல் மட்டுமே 1926-இலிருந்து ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இந்த வழியில் ஓடியது.

இறங்குகிற இடம் தஞ்சோங் பகார் துறைமுகம். குடியேறியதும் அதை ஒட்டிய தெருக்களில்தான். வேலைக்கு நடந்தே போகலாம், பள்ளிவாசல் பக்கம், ஊர்க்காரர் மாடியில். கடையநல்லூர்க்காரர்களிடம் ஒரு புதுமை இருந்தது. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் போன இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஆண்கள் மட்டுமே, இரண்டு மூன்று வருஷத்துக்கொருமுறை ஊர் வந்து போவார்கள். இவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். இஞ்சி பூண்டு மிளகாய் அரைத்த அந்த உருண்டைகள் அக்கம் பக்கத்து அடுப்புகளுக்கெல்லாம் போயின. தஞ்சை, இராமநாதபுரம் கடற்கரை மரைக்காயர்கள் வணிகத்துக்காகப் போனவர்கள். அவர்கள் வீடு ஊரிலேயே இருந்தது. கடையநல்லூர்க்காரர் வீட்டையே தூக்கிக்கொண்டு போனார்கள். குடியேற்றம் நிலைத்ததற்கு அதுதான் காரணம். இலங்கையில் தேயிலை செய்த வேலையை இங்கே குடும்பம் தானே முடிவு செய்து செய்துகொண்டது.

பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கியது, 1946-இல் அது உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி ஒன்றைத் தஞ்சோங் பகாரில் திறந்தது. எட்டயபுரத்துப் புலவர் பெயர் தஞ்சோங் பகாரில் நிற்பதற்கு எட்டயபுரத்தார் யாரும் போக வேண்டியிருக்கவில்லை. கடையநல்லூரார் போனால் போதும். அப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது, பெயர் இன்றும் தமிழ் மொழி மையம் ஒன்றில் இருக்கிறது.

இந்த மாதிரி முன்னால் போனவர் பின்னால் வருகிறவரை இழுத்துக்கொள்வதைச் சங்கிலி இடப்பெயர்வு என்பார்கள். கங்காணி முறையும் ஒரு சங்கிலிதான், ஆனால் அதன் ஒவ்வொரு கண்ணியிலும் கடன் இருந்தது. ஓர் ஊரில் இப்படிச் சங்கிலி ஓடியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். ரவென்ஸ்டைன் என்ற புவியியலாளர் 1885-இலேயே, பெரும்பாலோர் கிட்டத்தில்தான் பெயர்கிறார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். நம் தேரிக்காட்டுக்கு அது பொருந்தும், கடையநல்லூருக்குப் பொருந்தாது. அதனால் போன ஊரில் எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட, அவர்கள் எத்தனை ஊரிலிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். ஆயிரம் பேர் ஐந்நூறு ஊரிலிருந்து வந்திருந்தால் அது டிப்போவின் வேலை. ஆயிரம் பேர் இரண்டே ஊரிலிருந்து வந்திருந்தால் சங்கிலி. கல்யாணப் பத்திரிகை நல்ல சான்று. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டுக் கீழே வருகிற பெயர்களுக்குப் பக்கத்தில் ஊர் இருக்கும். பத்துப் பத்திரிகையைச் சேர்த்துப் பார்த்தால் எந்தத் தெருவுக்கு எந்த நாட்டோடு சங்கிலி என்று தெரிந்துவிடும். காயல்பட்டினத்துப் பத்திரிகைகளில் கொழும்பும் ஹாங்காங்கும் வரும்.

சங்கிலி அறுவதும் உண்டு. சிங்கப்பூர் அரசு பழைய கடைவீடுகளை இடித்து அடுக்குமாடிக்கு மாற்றியபோது தஞ்சோங் பகார்க் குடும்பங்கள் தீவெங்கும் சிதறின. 1989-இலிருந்து ஒவ்வொரு அடுக்குமாடியிலும் எந்த இனத்தவர் எவ்வளவு விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பே வந்துவிட்டது. இனி ஊர்க்காரர் பக்கத்து வீட்டை வாங்க நினைத்தாலும் வரம்பு நிரம்பியிருந்தால் முடியாது. தெருவின் பெயர்ப்பலகை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து டொரண்டோ, லண்டன், பாரிஸ் என்று போனவர்களின் கதை வேறு, அது போர் துரத்திய கதை. ஆனால் இறங்கிய பின் நடந்தது இதேதான். 1986-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். கனடா அகதிகளை ஏற்றது, ஏற்கப்பட்டவர்கள் தங்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் விட்டது. டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதி அப்படி நிரம்பியது.

கடைசியாக ஒரு கேள்வி நிற்கிறது. இன்று திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடியிலிருந்து அதிகம் பேர் போவது வளைகுடாவுக்கு. சங்கிலியும் உறுதியானது: மச்சான் விசா எடுத்துக் கொடுப்பார், ஒரே அறையில் ஒரே ஊர்க்காரர் எட்டுப் பேர். ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. ஏன் துபாயில் ஒரு கடையநல்லூர் தெரு வரவில்லை?

காரணம் எளிது. அங்கே கபீல் என்கிற பொறுப்பாளர் இருக்கும் வரைதான் ஆள் இருக்கலாம். வேலை போனால் விசா போகும். குறைந்த சம்பளக்காரர் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. சங்கிலி ஆளைக் கொண்டு போகிறது, சட்டம் அவனைக் குடியாக விடுவதில்லை. அதனால் துபாயில் எழும்ப வேண்டிய தெரு நம் ஊரில் எழும்புகிறது. மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ புதுத்தெருக்களில் நடந்து பார்த்தால் தெரியும். மார்பிள் வாசல், மாடியில் இரட்டைக் கதவு, உள்ளே வயதான அம்மா ஒருத்தி. போன மாதம் அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். "வீடு நல்லா இருக்கும்மா, யார் இருக்கா?" என்று கேட்டேன். "ரெண்டு மவனும் சவுதியில வாப்பா. வீடு அவங்களுக்குத்தான், வந்தா இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் காயப்போட்ட மிளகாயைப் புரட்டிவிட எழுந்து போனார்.